ஒரே சம்பளச் சீட்டில் நாலு 'நெட்'! தெரியுமா?

பிரான்ஸில் வேலை பார்ப்பவரின் மாதச் சம்பளச் சீட்டில் 'நெட்' என்ற சொல் நாலு இடத்தில் வரும், தெரியுமா? அந்த நாலு இடத்திலும் பெரும்பாலும் நாலு வேறு தொகை இருக்கும்! எதுவும் பொய்க் கணக்கல்ல. ஆனால் அதில் ஒன்றே ஒன்றுதான் அந்த மாதம் அவருடைய வங்கிக் கணக்கில் விழுந்த பணம். மற்ற மூன்றும் வேறு வேறு வேலைக்காக அச்சடித்தவை. இந்தச் சீட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு வங்கியின் கடன் பிரிவில் கொடுத்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் கண்ணில் முதலில் படும் 'நெட்' எதுவோ, அதை வைத்துத்தான் மாதத் தவணைக் கணக்கைத் தொடங்குவார்.

காரைக்கால் இளைஞர் ஒருவர் பாரிஸ் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், சென்னையில் ஃப்ளாட் வாங்க வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வீட்டுக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி கடைசி சில மாதச் சம்பளச் சீட்டுகளை ஆங்கிலத்தில் கேட்கும். அவருடைய 2025 பிப்ரவரி மாதச் சீட்டு நம் மேசையில் இருக்கிறது. ஆளும் தாளும் கற்பனை. ஆனால் விகிதங்களும் விதிகளும் அந்த மாதம் நடப்பில் இருந்தவை. கணக்கு நீளாமல் இருக்க ஒன்றிரண்டு சில்லறை வரிகளை மட்டும் விட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே இறங்குவோம், வாருங்கள்!

தலைப்பிலேயே ஓர் அதிசயம். பெயருக்குப் பக்கத்தில் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அது சமூகக் காப்பு எண். முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். அடுத்த நாலும் பிறந்த ஆண்டும் மாதமும். அதற்கடுத்து பிறந்த ஊர்! பிரான்ஸுக்கு வெளியே பிறந்திருந்தால் அங்கே 99 என்று வரும், பிறகு நாட்டின் எண். இந்தியாவில் பிறந்தவருக்கு 223, இலங்கையில் பிறந்தவருக்கு 235. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஆளின் பிறப்புச் சான்றிதழில் பாதியைப் படித்துவிடலாம்! இதை மொழிபெயர்ப்பில் 'சோசியல் செக்யூரிட்டி நம்பர்' என்று எழுதி, இலக்கம் மாறாமல் அப்படியே இறக்க வேண்டும். பிரிட்டிஷ் வங்கிக்குப் போகிறது என்பதற்காக அங்குள்ள 'நேஷனல் இன்ஷூரன்ஸ்' பெயரைச் சூட்டினால், இல்லாத ஓர் ஆவணத்தைத் தேட வைத்ததாகும்.

இன்னொரு எண்ணும் தலைப்பில் உட்கார்ந்திருக்கும்: 'கோயெஃபிசியான்', பக்கத்தில் 275 மாதிரி ஏதோ ஒன்று. சம்பளத்தை எதனாலோ பெருக்கப்போகிறார்கள் என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. அந்தத் தொழிலுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று காட்டும் தர எண் அது. 'ஜாப் கிரேடு' என்று ஓரக்குறிப்பு போட்டால் போதும்.

இப்போது முதல் சம்பள வரி. 151,67 மணி நேரம், 3 000,00 யூரோ! அது என்ன நூற்றைம்பத்தொன்று புள்ளி அறுபத்தேழு? வாரத்துக்கு 35 மணி நேரம், வருஷத்துக்கு 52 வாரம். பெருக்கி 12 மாதத்துக்கு வகுத்தால் வருவது அதுதான். முழு நேர வேலை என்பதற்கு இந்தத் தாளில் இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆனால் வங்கிக்காரருக்கு அது தெரியாது. யாரோ மணிக்கணக்குக் கூலி ஆள் என்று அவர் நினைத்துவிடக் கூடும். 'வாரம் 35 மணி நேரம் கொண்ட சட்டப்படியான முழு நேர வேலையின் மாத சராசரி' என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த 3 000,00-ஐ இன்னொரு தடவை பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளி, பைசாவைப் பிரிப்பது கமா. அதை அப்படியே தட்டச்சு செய்துவிட்டால், லட்சக் கணக்கில் கமா போட்டே பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு அது 3,00,000 போலத் தெரியாதா? மூவாயிரம் மூன்று லட்சமாகிவிடும்! ஆகவே மொழிபெயர்ப்பில் எல்லாத் தொகையும் 3,000.00 என்ற வடிவுக்கு மாற வேண்டும், ஒன்று விடாமல். பாதி மாறி, பாதி மாறாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தேதியும் அப்படித்தான். 05/02/2025 என்பது பிரான்ஸில் பிப்ரவரி ஐந்து, அமெரிக்க வங்கியில் மே இரண்டு. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வம்பே இல்லை.

அடுத்த இரண்டு வரிகளைப் பார்த்ததும் வங்கிக்காரர் புருவத்தைத் தூக்குவார். 'அப்சான்ஸ் கோஞ்ஜே பேயே': கழிவு 750,00. ஐயோ, 750 யூரோ பிடித்துவிட்டார்களா! இல்லை, அடுத்த வரியைப் படியுங்கள். 'ஆந்தெம்னித்தே கோஞ்ஜே பேயே': கூட்டல் 750,00. நடந்தது இவ்வளவுதான்: அந்த மாதத்தில் 20 வேலை நாள், அதில் இவர் ஐந்து நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு எடுத்தார். பிரெஞ்சுக் கணக்கர் அந்த ஐந்து நாள் சம்பளத்தை ஒரு கையால் எடுத்து, 'விடுப்புச் சம்பளம்' என்று பெயர் மாற்றி மறு கையால் திருப்பி வைக்கிறார். ஒரு பைசா குறையவில்லை. சில மாதங்களில் திருப்பி வைப்பது எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும். ஏனென்றால் ஆண்டுச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு, வழக்கமான சம்பளம் என்ற கணக்கு இரண்டில் எது ஊழியருக்கு லாபமோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மொழிபெயர்ப்பாளர் முதல் வரியை 'ஆப்சென்ஸ்' என்று மொட்டையாக எழுதினால், வேலைக்கு வராத ஆள் என்றாகிவிடும். 'பெய்டு லீவ்' என்ற சொல் இரண்டு வரியிலும் இருக்க வேண்டும், இரண்டும் அடுத்தடுத்து நிற்க வேண்டும்.

மொத்தச் சம்பளம், அதாவது 'ப்ருய்த்', ஆக 3,000-ஆகவே நிற்கிறது. இனிமேல்தான் கழிவுகளின் காடு.

காட்டுக்குள் நுழையும் முன் ஒரு பொறி! சில சீட்டுகளின் மூலையில் 'ப்ளஃபோன்' அல்லது பி.எம்.எஸ்.எஸ் என்று போட்டு 3 925,00 என்று அச்சாகியிருக்கும். சம்பளமே 3,000, இது யார் தலையில் விழுந்த 3,925? சமூகக் காப்பின் மாத உச்சவரம்பு அது. 2025-க்கான தொகை. சில பிடித்தங்களை அந்த உச்சவரம்புக்குள் வரும் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடுவார்கள். அதற்கும் இந்த இளைஞர் வாங்கும் சம்பளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்தின் அடியில் 'தொத்தால் வேர்சே பார் லாம்ப்ளோயேர்' என்று இன்னும் பெரிய தொகை ஒன்று வரும். அது முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு: சம்பளமும் அவர் தன் பங்குக்குக் கட்டும் காப்புத் தொகைகளும் சேர்ந்தது. இதை 'டோட்டல் பெய்ட்' என்று எழுதிக் கொடுத்தால் கடன் பிரிவு சந்தோஷமாக அதையே சம்பளமாக எடுத்துக்கொள்ளும். 'டோட்டல் காஸ்ட் டு எம்ப்ளாயர்' என்று எழுதினால் நம் ஊர் வங்கிக்காரருக்குச் சட்டென்று புரியும். 'சி.டி.சி.' கேட்டுக் கேட்டுப் பழகியவர் அல்லவா!

கழிவுப் பட்டியலில் நெடுவரிசைகளைக் கவனியுங்கள். ஊழியர் பங்கு ஒன்று, முதலாளி பங்கு ஒன்று. மருத்துவக் காப்பு வரியில் ஊழியர் பங்கு காலி! வேலையின்மைக் காப்பு வரியிலும் காலி! ஆளுக்குக் காப்பே கிடையாதா? உண்டு, முழுதாக உண்டு. 2018 ஜனவரியில் ஊழியர் கட்டும் மருத்துவக் காப்புத் தொகையை நீக்கினார்கள், வேலையின்மைக் காப்புக்கான ஊழியர் பங்கையும் அதே ஆண்டில் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வரிகளில் இருப்பது முதலாளி பங்கு மட்டுமே. ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியிலும் பக்கத்து மொஸெலிலும் மட்டும் பழைய வரலாற்றுக் காரணத்தால் ஊழியருக்கு ஒரு சிறு மருத்துவப் பிடித்தம் இன்னும் உண்டு. ஆகவே காலியாக இருக்கும் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். கோடு போட்டு அடிப்பதோ, 'பொருந்தாது' என்று எழுதுவதோ கூடாது.

நம் இளைஞரிடம் பிடித்தவை இவை. அடிப்படை ஓய்வூதியத்துக்கு 6.90 விழுக்காடு, அதாவது 207.00, அதற்கே உச்சவரம்பு பார்க்காமல் இன்னொரு 0.40 விழுக்காடு, 12.00. அஜிர்க்-அர்க்கோ என்ற துணை ஓய்வூதியத்துக்கு எல்லாம் சேர்த்து 4.01 விழுக்காடு, 120.30. 'முத்துயேல்' என்னும் கூடுதல் மருத்துவக் காப்பீட்டுக்கு 30.00. அதே காப்பீட்டுக்கு முதலாளியும் 30.00 போடுகிறார். இந்த முப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வேடிக்கை காட்டும்!

இப்போது சி.எஸ்.ஜி. தாளிலேயே ஆளை அதிகம் குழப்பும் மூன்று எழுத்து இதுதான். 1991-இல் தொடங்கியது இந்தப் பொதுச் சமூகப் பங்களிப்பு. 1996-இல் அதற்குத் தம்பியாக சி.ஆர்.டி.எஸ் வந்தது: சமூகக் காப்பின் பழைய கடனை அடைக்கக் கட்டும் 0.5 விழுக்காடு. வேடிக்கை என்னவென்றால் சி.எஸ்.ஜி ஒரே பிடித்தம், ஆனால் இரண்டு வரியாக அச்சாகும்! மொத்தம் 9.2 விழுக்காடு. அதில் 6.8 ஒரு வரியில், 'வருமான வரிக்குக் கழிக்கத்தக்கது' என்ற பட்டத்தோடு. மிச்சம் 2.4, சி.ஆர்.டி.எஸ்ஸின் 0.5-ஐயும் சேர்த்துக்கொண்டு 2.9 ஆகி, 'கழிக்கத்தகாதது' என்ற பட்டத்தோடு இன்னொரு வரியில்.

இதைக் கணக்கிடும் அடிப்படைத் தொகையும் 3,000 அல்ல! சம்பளத்தின் 98.25 விழுக்காட்டை எடுத்து (2,947.50), முதலாளி முத்துயேலுக்குப் போட்ட முப்பதைக் கூட்டினால் 2,977.50. அதன் மேல் 6.8 விழுக்காடு 202.47, 2.9 விழுக்காடு 86.35. 'அடிப்படை' என்ற நெடுவரிசையில் சம்பளத்தோடு ஒத்துப்போகாத 2,977.50-ஐப் பார்த்ததும் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தப்போகும் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. கை வைக்காதீர்கள்!

பிடித்தம் எல்லாம் சேர்த்து 658.12. மூவாயிரத்தில் கழித்தால் 2,341.88. கதை முடிந்தது என்று பார்த்தால், இன்னும் இரண்டு வரி பாக்கி. 'தீத்ர் ரெஸ்தொரான்', கழிவு 75.00. மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் உணவுச் சீட்டு அது. வேலைக்கு வந்த 15 நாளுக்கு 15 சீட்டு, ஒன்று 10 யூரோ மதிப்பு. பாதி முதலாளி தருகிறார், பாதி ஊழியர் கணக்கில் பிடிக்கிறார்கள். ஆக இது செலவு மாதிரித் தெரிந்தாலும், 75 கொடுத்து 150-க்குச் சாப்பிடுகிறார்! அடுத்தது கூட்டல் 44.40. பாரிஸ் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் நவிகோ மாத அட்டையின் அன்றைய விலை 88.80, அதில் பாதியை முதலாளி திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதுதான் இந்த வரி. இது சம்பள உயர்வோ போனஸோ அல்ல. 'டிரான்ஸ்போர்ட் ரீஇம்பர்ஸ்மென்ட்' என்று எழுதுங்கள்.

உணவகத்தில் வேலை பார்ப்பவரின் சீட்டு என்றால் இங்கே இன்னும் பெரிய வேடிக்கை நடக்கும், பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதை. வேலையிடத்தில் சாப்பிட்ட சாப்பாட்டின் மதிப்பை மேலே சம்பளத்தோடு கூட்டுவார்கள், அதே தொகையைக் கீழே கழிப்பார்கள். கூட்டுவது, சாப்பாடும் ஒரு வருமானம் என்று அதற்கும் காப்புத் தொகை பிடிப்பதற்காக. கழிப்பது, அதைத்தான் சாப்பிட்டாயிற்றே, பிறகு ரொக்கமாக எதற்கு என்பதற்காக. கீழே உள்ள கழிவை மட்டும் பார்க்கும் கடன் அதிகாரி, ஆள் முதலாளியிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடலாம். 'மீல்ஸ் புரவைடட் இன் கைண்ட்' என்ற ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போட்டால் கூட்டலும் கழித்தலும் ஜோடி என்பது தெரிந்துவிடும்.

நம் அலுவலக இளைஞருக்குத் திரும்புவோம். 2,341.88-இல் 75-ஐக் கழித்து 44.40-ஐக் கூட்டினால் 2,311.28. இதுதான் முதல் நெட்: 'நெட் ஆ பேயே அவான் ஆம்போ', வருமான வரிக்கு முந்தைய நெட். சீட்டில் இதைத்தான் தடித்த எழுத்தில், கண்ணைப் பறிக்கிற மாதிரி அச்சடிப்பார்கள். தடித்த எழுத்துதானே, இதுவே சம்பளம் என்று யாருக்கும் தோன்றும். பொறுங்கள்!

இரண்டாவது நெட் 'நெட் ஆம்போசாப்ள்', வரிக்குரிய நெட். இதன் தொகை 2,458.23. எப்படி? முதலாவதைவிட ஏறக்குறைய 147 யூரோ கூடுதல்! கையில் வருவதைவிட வரி போடும் தொகை அதிகமா? ஆமாம், அதிகம்தான்! கையைவிட்டுப் போன 2.9 விழுக்காடு சி.எஸ்.ஜி, சி.ஆர்.டி.எஸ் 'கழிக்கத்தகாதது' அல்லவா? ஆகவே கண்ணால் பார்க்காத அந்த 86.35-க்கும் அவர் வருமான வரி கட்ட வேண்டும். அது மட்டுமா? முதலாளி முத்துயேலுக்குப் போட்டாரே 30 யூரோ, நினைவிருக்கிறதா? அதுவும் ஊழியரின் வருமானம் என்றே வரித்துறை சொல்கிறது. 2,341.88-உடன் 86.35-ஐயும் 30.00-ஐயும் கூட்டுங்கள்: 2,458.23. உணவுச் சீட்டும் நவிகோவும் இந்தக் கணக்கில் வரவே வராது.

இனி வரி. பிரான்ஸில் 2019 ஜனவரிக்கு முன் சம்பளச் சீட்டில் வருமான வரியே கிடையாது, தெரியுமா? ஊழியர் மறு வருஷம் தானே கட்டுவார். 2019 முதல் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். நம் இளைஞருக்கு வரித்துறை அனுப்பிய விகிதம் 4.20 என்று வைத்துக்கொண்டால், 2,458.23-இல் 103.25. அதை 2,311.28-இல் கழித்தால் 2,208.03. இதோ மூன்றாவது நெட், 'நெட் பேயே'. வங்கிக் கணக்கில் விழுந்த பணம் இதுதான்!

அந்த 4.20 ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே மேசையில் ஒரே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்குக் கையில் வருவது வேறாக இருக்கும். ஒருவருக்கு நாலு பிள்ளைகள், விகிதம் பூஜ்யம். இன்னொருவர் தனி ஆள். புதிதாக வந்தவருக்கு வரித்துறையிலிருந்து விகிதம் வரும்வரை, சம்பளத்தை மட்டும் பார்த்துப் போடும் பொது விகிதம். செப்டம்பரில் எல்லாருக்கும் விகிதம் புதுப்பிக்கப்படும். ஆகஸ்ட் சீட்டையும் செப்டம்பர் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வங்கிக்காரர், 'சம்பளம் குறைந்திருக்கிறதே' என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். மொத்தச் சம்பள வரி மாறியிருக்காது, அதைக் காட்டுங்கள்.

நாலாவது நெட்? அது 2023 ஜூலையில் பிறந்த குழந்தை: 'மோந்தான் நெட் சோசியால்'. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும்போது எழுத வேண்டிய தொகை. வீட்டுக் கடனுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் தாளில் அது நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும், சட்டப்படி உட்கார்ந்தே ஆக வேண்டும். 'நெட் சோசியல் அமௌன்ட்' என்று எழுதி, 'அரசு உதவித்தொகைகளுக்கான கணக்குத் தொகை, கையில் வந்த சம்பளம் அல்ல' என்று குறிப்புப் போட்டால் ஆபத்து நீங்கியது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிக்குரிய நெட்டுக்கும் கையில் வந்த நெட்டுக்கும் வித்தியாசம் மாதம் 250.20. வருஷத்துக்கு 3,002.40. ஒரு முழு மாத மொத்தச் சம்பளமே இல்லாத பணமாக விண்ணப்பத்தில் ஏறிவிடும்! பிறகு வங்கி, பிரான்ஸ் கணக்கின் பட்டியலையும் கேட்கும். அங்கே 'விர்மான் சலேர்' என்று 2,208.03 வரவாகியிருக்கும், விண்ணப்பத்தில் 2,458.23. "சார், பாக்கி எங்கே போகுது? வேற கடன் ஏதாவது ஓடுதா?" என்று சென்னையிலிருந்து போன் வரும். நேர்மையான ஆளுக்கு இது தேவையா? தலைகீழாகவும் தப்பு நடக்கலாம். அதிகாரி 2,208.03-ஐச் சரியாகப் பிடித்துவிட்டு, 'இதற்கு இனிமேல் வரி கட்டணுமே' என்று இன்னொரு தடவை வரியைக் கழித்துக் கடன் தகுதியைக் குறைத்துவிடுவார். 'நெட் பேயே'வுக்கு நான் எழுதுவது 'நெட் பெய்ட், ஆஃப்டர் இன்கம் டாக்ஸ்'. அந்த 'ஆஃப்டர்' இல்லாமல் எழுதவே கூடாது.

சீட்டில் இல்லாத விஷயங்கள் இன்னும் ஆச்சரியம்! வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதைச் சம்பளச் சீட்டில் குறிப்பிடுவது பிரான்ஸில் சட்டப்படி தடை. தொழிலாளர் பிரதிநிதியாக வேலை பார்த்ததையும் எழுதக் கூடாது. வேலைநிறுத்த நாளுக்கு 'சம்பளமில்லாத வராமை' என்று பொதுவாகத்தான் வரும். காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்க உங்களுக்கு உரிமையில்லை. இன்னொன்று: வேலை நிரந்தரமா, காலவரையுள்ளதா என்பதைச் சீட்டில் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். சேர்ந்த தேதியை வைத்து நாமே 'பர்மனென்ட்' என்று எழுதிவிட முடியாது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையோ முதலாளியின் சான்றிதழையோ தனியே வாங்கிப் பெயர்த்து இணைப்பதுதான் வழி.

ஒரு வரி மட்டும் ஓசைப்படாமல் வந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'அக்கோந்த்' என்று கழிவு இருந்தால் பயமில்லை. மாத நடுவில், ஏற்கெனவே உழைத்த நாட்களுக்கு முன்கூட்டி வாங்கிய சம்பளம் அது. வங்கிப் பட்டியலில் அந்த மாதம் இரண்டு வரவு இருக்கும், கூட்டினால் சரியாகும். 'அவான்ஸ்' என்றால் இன்னும் உழைக்காத நாட்களுக்கு வாங்கியது, அதாவது முதலாளி கொடுத்த கைமாற்று. 'செசி' அல்லது 'செசி அத்மினிஸ்த்ராதீவ்' என்று இருந்தால் விஷயம் வேறு: கட்டாத கடனுக்கோ வரிக்கோ அபராதத்துக்கோ சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் தொகை. மூன்றையும் 'டிடக்‌ஷன்' என்ற ஒரே சொல்லில் போர்த்திவிடச் சொல்லி விண்ணப்பதாரர்கள் கெஞ்சுவது உண்டு. செய்யக் கூடாது. மூன்றாவதை மறைத்தால் அது மொழிபெயர்ப்பு அல்ல, மோசடிக்குத் துணை.

ஆண்டுச் சம்பளம் போடும்போதும் ஒரு திகைப்பு காத்திருக்கிறது. பல நிறுவனங்களில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு! காலண்டரில் இல்லாத அந்த மாதம் ஆண்டுக் கடைசிச் சீட்டில் ஒரு தனி வரியாக வரும். பிப்ரவரிச் சீட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் அது விட்டுப்போகும். டிசம்பர் சீட்டைப் பெருக்கினால் அது பன்னிரண்டு மடங்காக ஊதிப்போகும். அதனால் 'க்யுமுல்' என்ற பகுதியை விடாமல் பெயருங்கள். ஜனவரியிலிருந்து அந்த மாதம் வரை சேர்ந்த மொத்தச் சம்பளமும் வரிக்குரிய தொகையும் அங்கே இருக்கும். டிசம்பர் சீட்டின் க்யுமுல் இருந்தால் முழு வருஷமே கையில். பக்கத்திலேயே ஆர்.டி.டி என்று ஒரு பெட்டி தென்பட்டால் அது பணமில்லை. வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததற்கு ஈடான விடுப்பு நாள் மட்டுமே.

செய்முறை சுருக்கமாக: ஒவ்வொரு வரியிலும் பிரெஞ்சு எழுத்துச் சுருக்கத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கில விளக்கம் எழுதுங்கள். சுருக்கத்தை எடுத்துவிட்டால் மூலத்தோடு ஒப்பிட வழியில்லாமல் போகும். விளக்கங்களை 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று பிரித்து அடியில் போடுங்கள். தாளின் உடம்புக்குள் நுழைக்காதீர்கள். யூரோவை ரூபாயாக மாற்றாதீர்கள், அது வங்கியின் வேலை. முடித்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்: மொத்தம் 3,000.00-இல் தொடங்கி 2,208.03-இல் நிற்க வேண்டும், வங்கிப் பட்டியலின் வரவும் அதுவாகவே இருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ ஒரு கமா இடம் மாறியிருக்கிறது, அல்லது முதலாளி பங்கு ஒன்று ஊழியர் பக்கம் தாவியிருக்கிறது. வங்கி 'சான்றளித்த மொழிபெயர்ப்பு' கேட்டால், நீங்கள் எவ்வளவு அழகாகப் பெயர்த்தாலும் செல்லாது. பிரான்ஸில் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே வங்கியிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் பிரெஞ்சு மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் ஒரு வாக்கியம் கட்டாயமாக அச்சாகியிருக்கும், நீங்கள் அதைப் படித்திருக்கவே மாட்டீர்கள்: இந்தச் சீட்டைக் கால வரம்பின்றிப் பத்திரமாக வைத்திருக்கவும். ஓய்வூதியக் கணக்கில் ஏதாவது ஒரு வருஷம் விட்டுப்போனால், பிரெஞ்சு அலுவலகம் முதலில் கேட்கும் சான்று அந்தத் தாள்தான்.